படத்தில் உள்ள சிங்கப்பூர்ச் சில்லறையை அளவை வைத்து எண்ணுவது எப்படி?

கேள்வி: மாமாவின் மளிகைக் கடைக் கல்லாவில் சேரும் சில்லறையை மேசையில் பரப்பி, போனில் ஒரு படம் எடுத்தால் மொத்தத் தொகை வர வேண்டும். பைத்தானில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வட்டங்களைக் கண்டுபிடித்துவிடுகிறது. பெரியது முதல் சிறியது வரை வரிசைப்படுத்தி 1 வெள்ளி, 50 காசு, 20 காசு என்று பெயர் கொடுத்தால் சில படங்களில் சரியாக வருகிறது, சிலவற்றில் வெகுவாகத் தப்புகிறது. அளவை வைத்தே இதைச் சரிசெய்ய முடியுமா?

முடியும். ஆனால் வரிசைப்படுத்துவதை விட்டுவிடுங்கள். படத்தில் 1 வெள்ளியே இல்லாவிட்டால் இருப்பதில் பெரியதான 50 காசு 1 வெள்ளியாகிவிடும். அது எளிதில் கண்ணில் படும் தவறு. இன்னொரு தவறு உள்ளே ஒளிந்திருக்கிறது, அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்: உங்கள் மாமாவின் கல்லாவில் இருப்பது ஒரு வரிசை நாணயங்கள் அல்ல, இரண்டு.

2013 ஜூனில் புழக்கத்துக்கு வந்தது மூன்றாவது வரிசை. அதில் 5 காசின் விட்டம் 16.75 மி.மீ., 10 காசு 18.50, 20 காசு 21.00, 50 காசு 23.00, 1 வெள்ளி 24.65. மதிப்பு கூடக் கூட அளவும் கூடுகிறது. இதை மட்டும் வைத்துப் பார்த்தால் உங்கள் முறை நியாயமானதுதான். ஆனால் 1985 முதல் வந்துகொண்டிருந்த இரண்டாவது வரிசையும் இன்னும் செல்லும், கடைகளில் புழங்கவும் செய்கிறது. அதில் 5 காசும் 10 காசும் புதியவற்றின் அளவேதான், 20 காசு 21.36. சிக்கல் அதற்கு மேலே. பழைய 50 காசின் விட்டம் 24.66 மி.மீ., பழைய 1 வெள்ளி 22.40 மி.மீ. அதாவது பழைய வரிசையில் 50 காசு 1 வெள்ளியைவிடப் பெரியது! அதோடு, பழைய 50 காசும் புதிய 1 வெள்ளியும் அளவில் ஒன்றேதான், வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. எந்த போன் கேமராவாலும் அதைப் பிரித்துச் சொல்ல முடியாது. பழைய 1 வெள்ளியோ புதிய 50 காசுக்கு அரை மில்லிமீட்டர் அருகில் வந்து நிற்கிறது.

எனவே அளவு மட்டும் போதாது. நிறத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், ஆனால் மிகச் சிறிய அளவில்தான். பூ படம், மெர்லயன் படம் எதையும் அடையாளம் காணத் தேவையில்லை. ஒவ்வொரு வட்டத்தைப் பற்றியும் ஒரே ஒரு கேள்வி: முழுக்க வெள்ளை நிறமா, முழுக்க மஞ்சளா, வெளியே மஞ்சள் வளையமும் நடுவே வெள்ளையுமா? இரண்டு நிறம் இருந்தால் அது புதிய 1 வெள்ளி, வேறெதுவும் இல்லை. முழு மஞ்சள் என்றால் 5 காசு (பழையதும் புதியதும் மஞ்சள்தான்) அல்லது பழைய 1 வெள்ளி. 16.75-க்கும் 22.40-க்கும் இடையே குழப்பத்துக்கு இடமே இல்லை. மீதி எல்லாம் வெள்ளை நிறம். அவற்றை அளவு வரிசையில் வைத்தால் 18.50, 21.00, 21.36, 23.00, 24.66 என்று வரும். முதலாவது 10 காசு, அடுத்த இரண்டும் 20 காசு, கடைசி இரண்டும் 50 காசு. பழையதும் புதியதும் இடித்துக்கொள்ளும் இடமே இல்லாமல் போய்விடுகிறது. வெவ்வேறு மதிப்புள்ள இரண்டு வெள்ளை நிறக் காசுகளுக்கு இடையே மிகக் குறுகிய இடைவெளி 21.36-க்கும் 23.00-க்கும் நடுவில் உள்ளது, அதாவது ஏறத்தாழ 7.7 சதவீதம். அதில் ஏறத்தாழப் பாதி, 3.5 சதவீதம் வரை அளவில் பிழை வந்தாலும் தொகை தப்பாது. இதுதான் உங்களுக்குக் கிடைக்கும் மொத்தச் சலுகை. இனி செய்வதெல்லாம் பிழையை அந்த எல்லைக்குள் வைத்திருப்பதற்காகத்தான்.

(செம்பு நிற 1 காசும் அபூர்வமாக வரலாம். 2002-இலிருந்து வெளியிடுவதில்லை என்றாலும் அதுவும் செல்லும். விட்டம் 15.90. நிறத்தை வைத்துத் தனியே பிரித்துவிடுங்கள்.)

அடுத்தது அளவுகோல். படத்தில் பிக்சல்தான் இருக்கும், மில்லிமீட்டர் இருக்காது. ஒன்றுக்கொன்று விகிதத்தை வைத்தே கண்டுபிடிக்கலாமே என்று தோன்றும். அதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. 10 காசை 5 காசால் வகுத்தால் 1.104. 50 காசை 20 காசால் வகுத்தால் 1.095. வித்தியாசம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. படத்தில் 5 காசு ஒன்றும் 10 காசு ஒன்றும் மட்டும் இருந்தால், அது 15 காசா 70 காசா என்று விகிதத்தை மட்டும் வைத்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. மூன்று வகை இருந்தால் நிலைமை பரவாயில்லை: 5, 10, 20 என்ற மூன்றின் விகிதம் 1 : 1.104 : 1.254, 10, 20, 50 என்ற மூன்றின் விகிதம் 1 : 1.135 : 1.243. நடுவில் இருப்பது கிட்டத்தட்ட 3 சதவீதம் விலகுவதால், நல்ல படமாக இருந்தால் பிரித்துவிடலாம். இரண்டு நிறக் காசு ஒன்று எங்காவது இருந்தால் போதும், எல்லாச் சந்தேகமும் தீரும். அது எப்போதும் 24.65 மி.மீ. என்பதால் அதுவே அளவுகோலாகிவிடும். ஆனால் கடைக் கல்லாவில் ஒவ்வொரு தடவையும் புதிய 1 வெள்ளி இருக்கும் என்று நம்ப முடியாது. அதனால் அளவு தெரிந்த பொருள் ஒன்றைப் படத்துக்குள் வைப்பதுதான் வழி.

பலரும் ஈசி-லிங்க் கார்டை வைக்கிறார்கள். 85.6 மி.மீ.க்கு 54 மி.மீ., உலகம் முழுக்க வங்கி அட்டைக்கும் அதே அளவுதான். அது வேலை செய்யும், ஆனால் நான் ஏ4 தாளைத்தான் சொல்வேன். கார்டு ஒரு மூலையில் கிடக்கும், காசுகள் அதற்கு வெளியே பரவிக் கிடக்கும். மூலையில் அளந்ததை மற்ற இடங்களுக்கு நீட்டும்போது சின்னப் பிழையும் தூரத்தில் பெரிதாகிவிடும். போதாததற்குக் கார்டின் முனைகள் வளைந்தவை, மூலைப் புள்ளியைத் துல்லியமாகப் பிடிக்க முடியாது. ஏ4 தாளின் மேலேயே காசுகளைக் கொட்டினால் நான்கு கூர்மையான மூலைகளும் எல்லாக் காசுகளையும் சுற்றி வளைத்திருக்கும். 297 மி.மீ., 210 மி.மீ. என்பது உறுதியான அளவு.

மூலைகள் எதற்கு என்றால், போனை நாம் நேர் மேலே பிடிப்பதே இல்லை. 30 செ.மீ. உயரத்தில் 20 டிகிரி சாய்த்துப் பிடித்து, காசுகள் 20 செ.மீ. தூரத்துக்குப் பரவியிருந்தால், அந்த முனைக்கும் இந்த முனைக்கும் கேமராவிலிருந்து உள்ள தூரத்தில் கிட்டத்தட்ட 7 செ.மீ. வேறுபாடு வரும். அளவில் அது 20 சதவீதத்துக்கும் மேல். அருகில் கிடக்கும் 10 காசு தொலைவில் கிடக்கும் 20 காசைவிடப் பெரிதாகத் தெரியும். உங்கள் படங்கள் சில நேரம் சரியாகவும் சில நேரம் தப்பாகவும் வருவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்க வேண்டும். தாளின் நான்கு மூலைகளையும் கண்டுபிடித்து `cv2.getPerspectiveTransform`, `cv2.warpPerspective` இரண்டையும் கொண்டு படத்தை 2970 × 2100 பிக்சலுக்கு நிமிர்த்துங்கள். இப்போது 10 பிக்சல் என்பது 1 மி.மீ. கணக்குப் பார்ப்பதும் சுலபம், 20 காசு 210 பிக்சல் என்று தசமப் புள்ளியை நகர்த்தினால் போதும். காசுக்குத் தடிமன் உண்டு, புதிய 1 வெள்ளி 2.5 மி.மீ. அதனால் அதன் மேல்முகம் தாளைவிடக் கேமராவுக்குச் சற்று அருகில் இருக்கும். 35 செ.மீ. உயரத்தில் அது ஒரு சதவீதத்துக்கும் குறைவான பிழைதான், விட்டுவிடலாம். ஆனால் போனை மிக அருகில் கொண்டுபோய் எடுத்தால் அந்தப் பிழை வளரும். கொஞ்சம் உயரத்திலிருந்தே எடுங்கள்.

தாள் என்ன நிறம் என்பதில்தான் பாதி வேலை அடங்கியிருக்கிறது. வெள்ளைத் தாளில் வெள்ளை நிறக் காசின் பளபளப்பு தாளோடு கலந்துவிடும், நிழலோ காசின் பகுதியாகி அளவைக் கூட்டிவிடும். கறுப்புத் தாள் போதுமே என்று நினைப்பீர்கள். பளபளப்பான புதுக் காசு கண்ணாடிபோல எதிரே இருப்பதைக் காட்டும். எதிரே இருப்பது உங்கள் கறுப்புப் போன். பாதிக் காசு கறுப்பாகி, தாளோடு சேர்ந்து மறைந்துபோகும். ஆழ்ந்த நீல நிற மட்டைத் தாள் வாங்குங்கள், பளபளப்பு இல்லாததாக. வெள்ளை நிறம், மஞ்சள், செம்பு எல்லாமே நீலத்துக்கு வெகுதூரம். நிழல் விழுந்தாலும் நீலம் இருண்ட நீலமாகுமே தவிர, வேறு நிறமாகாது.

இதில் ஒரு வசதி. படத்தை லேப் நிற முறைக்கு மாற்றினால் அதில் பி என்ற அடுக்கு நீலத்திலிருந்து மஞ்சள் வரை அளக்கும். நீலத் தாள் குறைந்த எண், வெள்ளை நிறக் காசு நடுவில் 128 அருகே, மஞ்சள் காசு அதற்கு மேலே. காசைத் தாளிலிருந்து பிரிப்பதற்கும், காசின் நிறத்தைக் கண்டுபிடிப்பதற்கும் ஒரே அடுக்கு போதும்.

```python
b = cv2.cvtColor(img, cv2.COLOR_BGR2LAB)[:, :, 2]
_, mask = cv2.threshold(b, 0, 255,
                        cv2.THRESH_BINARY + cv2.THRESH_OTSU)
```

நிறத்தைப் பார்க்கும்போது ஒரு காசில் இரண்டு இடங்களில் மட்டும் பாருங்கள்: நடுவில், ஆரத்தின் 40 சதவீதம் வரை உள்ள வட்டம், அப்புறம் விளிம்பை ஒட்டி 85 முதல் 95 சதவீதம் வரை உள்ள வளையம். இரண்டிலும் நடு மதிப்பை எடுங்கள், சராசரி வேண்டாம், ஒரு பளிச்சென்ற புள்ளி சராசரியை இழுத்துவிடும். வளையம் நடுப்பகுதியைவிடத் தெளிவாக மஞ்சளாக இருந்தால் அது புதிய 1 வெள்ளி. இந்த ஒப்பீடு ஒரே காசுக்குள் நடப்பதால் விளக்கின் நிறம் இதைக் கெடுக்காது. ஆனால் முழு மஞ்சளா வெள்ளையா என்ற கேள்வியைக் கெடுக்கும். கடையில் மஞ்சள் பல்பு எரிந்தால் எல்லாக் காசும் தங்கம்தான்! தாளின் ஓரத்தில் ஒரு சின்ன வெள்ளைத் துண்டுத் தாளை ஒட்டிவைத்து, 128 என்ற எண்ணுக்குப் பதிலாக அந்தத் துண்டின் மதிப்போடு ஒப்பிடுங்கள்.

விட்டத்தை அளப்பதற்கு `cv2.HoughCircles` பயன்படுத்துகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். வட்டம் எங்கே இருக்கிறது என்று காட்ட அது நல்லது, எவ்வளவு பெரியது என்று சொல்வதில் நம்ப முடியாது. புதிய 1 வெள்ளியில் அது வெளி விளிம்பை விட்டுவிட்டு, மஞ்சளும் வெள்ளையும் சந்திக்கும் உள்வட்டத்தைப் பிடித்துக்கொள்ளும். பழைய 1 வெள்ளியில் உள்ளே இருக்கும் எண்கோணச் சட்டத்திலும் அப்படி ஏமாறக்கூடும். கண்டுபிடித்த வட்டத்துக்கு வெளியே உடனே நீலம் வராமல் இன்னும் உலோகம் தொடர்ந்தால், உள்வட்டத்தில் மாட்டிக்கொண்டது என்று தெரிந்துகொள்ளலாம். இதைவிட எளிய வழி, மேலே கிடைத்த `mask`-இல் ஒவ்வொரு தனித் திட்டின் பரப்பையும் எடுத்து, அதே பரப்புள்ள வட்டத்தின் விட்டத்தைக் கணக்கிடுவது. ஓரத்தில் இரண்டு மூன்று பிக்சல் பிசிறு இருந்தாலும் பரப்பு பெரிதாக மாறாது. காசுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் மட்டும் இது உடையும். அப்போது `cv2.distanceTransform` உதவும்: ஒவ்வொரு காசின் மையத்திலும் அது தரும் எண் மிக அருகிலுள்ள நீலம் வரை உள்ள தூரம், அதாவது அந்தக் காசின் ஆரம். இரண்டு காசு ஒரு புள்ளியில் தொட்டுக்கொள்வதால் அந்த ஆரம் மாறிவிடாது. ஒன்றன் மேல் ஒன்று ஏறியிருந்தால் அடியில் இருப்பதன் அளவு கிடைக்காது. அதற்கு நிரலில் வழி தேடுவதைவிட, தாளை ஒரு தட்டு தட்டிப் பரப்பிவிடச் சொல்வது மேல்.

இப்போது மதிப்பைத் தீர்மானிக்கும் பகுதி. விட்டம் மி.மீ.யில், விடை காசில்:

```python
WHITE = [(18.50, 10), (21.00, 20),
         (21.36, 20), (23.00, 50), (24.66, 50)]
GOLD  = [(16.75, 5), (22.40, 100)]
TWO   = [(24.65, 100)]

def value(mm, table):
    d, cents = min(table, key=lambda t: abs(t[0] - mm))
    return cents if abs(d - mm) / d < 0.03 else None
```

ஒரு படத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிமிர்த்திய படத்தில் பத்து காசுகள், விட்டம் பிக்சலில் இப்படி வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள்: 247 இரண்டு நிறம், 246 வெள்ளை, 231 வெள்ளை, 225 மஞ்சள், 213 வெள்ளை, 209 வெள்ளை, 186 வெள்ளை, 184 வெள்ளை, 169 மஞ்சள், 168 மஞ்சள். முதலாவது புதிய 1 வெள்ளி. இரண்டாவது அளவில் அதேபோல இருந்தாலும் வெள்ளை நிறம் என்பதால் பழைய 50 காசு. 231 புதிய 50 காசு. 225 மஞ்சள் என்பதால் பழைய 1 வெள்ளி. 213-உம் 209-உம் 20 காசுகள், முதலாவது பழையதாக இருக்கலாம், அதைப் பற்றிக் கவலை இல்லை. 186, 184 இரண்டும் 10 காசு. கடைசி இரண்டும் 5 காசு. கூட்டினால் 3 வெள்ளி 70 காசு.

இதே படத்தை நிறம் பார்க்காமல், புதிய வரிசை அளவுகளை மட்டும் வைத்து எண்ணிப் பாருங்கள். 246 பிக்சல் 1 வெள்ளியாகும், 50 காசு அதிகம். 225 பிக்சலுக்குப் பக்கத்தில் இருப்பது 23.00 என்பதால் அது 50 காசாகும், 50 காசு குறைவு. மற்ற எட்டும் சரி. மொத்தம்? அதே 3 வெள்ளி 70 காசு! இரண்டு காசு தப்பு, தொகை கச்சிதம். பழைய 50 காசும் பழைய 1 வெள்ளியும் ஒரே எண்ணிக்கையில் இருக்கும் படங்களில் எல்லாம் இப்படித்தான் ஆகும். சில படங்களில் உங்களுக்குச் சரியாக வருகிறது என்றீர்களே, அவற்றில் எத்தனை உண்மையில் சரி என்று மறுபடி பார்க்க வேண்டும். தொகையைச் சரிபார்ப்பது சோதனை ஆகாது. ஒவ்வொரு வட்டத்தின் மேலும் அதற்குக் கொடுத்த மதிப்பை எழுதி, படத்தைக் கண்ணால் பாருங்கள். சோதனைக்குப் பழைய 50 காசு மட்டும் உள்ள படம் ஒன்று, பழைய 1 வெள்ளி மட்டும் உள்ள படம் ஒன்று தனித்தனியே எடுங்கள்.

`None` என்று வருவதை நிரல் அமைதியாக விழுங்கக் கூடாது. அந்த வட்டத்தைச் சிவப்பில் காட்டி, மொத்தத்தில் சேர்க்காமல் விட வேண்டும். இதற்கு நடைமுறைக் காரணம் ஒன்று உண்டு: ஜொகூர் போய்வருபவர்கள் பையிலிருந்து மலேசியச் சில்லறை கல்லாவுக்கு வந்துவிடும். 2012-இல் வந்த மலேசிய 5 சென் 17.78 மி.மீ., வெள்ளை நிறம். நம்முடைய 5 காசுக்கும் 10 காசுக்கும் நடுவில் விழுவதால் 3 சதவீத எல்லை அதைத் தள்ளிவிடும். 20 சென் மஞ்சள், 20.60 மி.மீ., அதுவும் தள்ளப்படும். மற்ற இரண்டும் நழுவி உள்ளே வரும். 50 சென் மஞ்சள் நிறம், 22.65 மி.மீ., பழைய 1 வெள்ளிக்கு ஒரு சதவீத வித்தியாசம்தான். அது விழுந்தால் மாமாவுக்கு நஷ்டம் கொஞ்சமல்ல. பழைய 1 வெள்ளியில் மட்டும் எண்கோணச் சட்டத்தின் எட்டு நேர்கோடுகள் இருப்பதால், 22 முதல் 23 மி.மீ. வரை உள்ள மஞ்சள் காசுக்கு மட்டும் அந்தக் கோடுகள் தெரிகின்றனவா என்று கூடுதலாக ஒரு சோதனை வையுங்கள். 10 சென் 18.80 மி.மீ., வெள்ளை நிறம், நம் 10 காசைவிட மூன்று பிக்சல்தான் பெரிது. அளவாலும் நிறத்தாலும் அதைப் பிரிக்கவே முடியாது. முகத்தில் உள்ள படத்தைப் பார்க்கும் நிரல் எழுத வேண்டும், இல்லையென்றால் கொட்டும்போதே மாமா கையால் பொறுக்கிவிட வேண்டும். தவறினாலும் ஒரு காசுக்கு ஏழு எட்டு காசுதான் நஷ்டம் என்பதால், நானாக இருந்தால் இரண்டாவதைத்தான் செய்வேன்.